கூட்டுக்கு மாவு எதற்கு?

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். சில பந்திகளில் பூசணிக்கூட்டு இலையில் நிற்காது, ஓடிப்போய் வடையை நனைக்கும். (பாவம் வடை!) கேட்டால், "கொஞ்சம் அரிசிமாவு கரைச்சு விட்டா சரியாயிடும்" என்பார்கள்.

சரியாகாது சார். மாவு தண்ணீரை மறைக்கும், அவ்வளவுதான். நன்றாகக் கொதிக்காவிட்டால் பச்சை வாடை வேறு.

வெண்பூசணி 100 கிராமில் 95 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். உப்பு பட்டதும் அது தானாக வெளியே வரும். அதன் தலையில் இன்னும் இரண்டு டம்ளர் ஊற்றுவது எந்த ஊர் நியாயம்? பருப்பையும் காயையும் சேர்த்துக் குக்கரில் போடுவது அதைவிட மோசம். ஆவி போக வழியில்லை, காயும் குழைந்துவிடும்.

அரைக்கிலோ காய்க்கு 100 கிராம் பாசிப்பருப்பு போதும். பருப்பைத் தனியே, கெட்டியாக, மசிய வேகவிட வேண்டும். காயில் விதையையும் பஞ்சுபோன்ற நடுப்பகுதியையும் எடுத்துவிட்டு, கால் டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், உப்போடு அகலமான பாத்திரத்தில் வைக்கலாம். துண்டுகள் கண்ணாடி மாதிரி ஆனதும் மிச்சத் தண்ணீரை ரசத்துக்கு வடித்துவிட்டு, பருப்பையும், தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்த விழுதையும் சேர்த்து ஐந்து நிமிடம் திறந்தே கொதிக்கவிடணும். விழுதைக் கெட்டியாக அரைக்கணும், மிக்ஸி கழுவிய தண்ணீரெல்லாம் இங்கே வேண்டாம்!

ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் தண்ணீர் வளையம் பிரிந்தால் இன்னும் கொதிக்கணும். பிரியாமல் லேசாகத் தளர்ந்திருந்தால் இறக்கித் தாளிக்கலாம், ஆறும்போது பருப்பு இன்னும் இறுகும்.