அம்பத்தூரின் மண் மட்டும் கணக்கில், மக்கள் இல்லை



போன வாரம் தங்கையின் பேத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு. பள்ளியில் "ஒரு நகரின் விவரம்" என்று சார்ட் போடச் சொல்லியிருக்கிறார்கள். சென்னையை எடுத்துக்கொண்டு, எங்கிருந்தோ ஒரு நகரக் குறிப்பை இறக்கி அச்செடுத்து வந்திருந்தாள். "தாத்தா, எல்லாம் ரெடி. அழகா எழுதித் தர வேண்டியது மட்டும்தான் பாக்கி" என்றாள். என் கையெழுத்துக்கு இன்னும் மவுசு இருக்கிறதே என்று சந்தோஷமாக ஸ்கெட்ச் பேனாவை எடுத்தேன்.

முதல் மூன்று வரிகளிலேயே நின்றுவிட்டேன். பரப்பளவு 426 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை (2011) 46,46,732. மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26,553.

என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அடுத்து நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியும். அடர்த்தி என்பது தனியாக யாரும் அளந்து வந்த எண் இல்லை. ஆட்களைப் பரப்பால் வகுத்தால் வருவது, அவ்வளவுதான். 46,46,732-ஐ 426-ஆல் வகுத்தால் 10,908 வருகிறது. அச்சில் இருப்பதோ அதைப்போல் இரண்டரை மடங்கு. அந்த 26,553-ஐ 426-ஆல் பெருக்கிப் பார்த்தேன். ஒரு கோடியே 13 லட்சம் பேர் வருகிறார்கள்! 2011-ல் மாநகராட்சி எல்லைக்குள் அவ்வளவு பேர் கிடையாது.

முதலில் சதுர மைல் குழப்பம் என்றுதான் நினைத்தேன். ஒரு சதுர மைல் என்பது 2.59 சதுர கிலோமீட்டர். அடர்த்தியை மைல் கணக்கில் எடுத்துக் கிலோமீட்டர் என்று போட்டுவிட்டால் சரியாக 2.59 மடங்கு கூடிவிடும். இப்படி மடங்கை வைத்துத் தவறைக் கண்டுபிடிப்பது பழைய வித்தை. 100 மடங்கு என்றால் ஹெக்டேர், 10 மடங்கு என்றால் லட்சத்துக்கும் மில்லியனுக்கும் நடந்த தகராறு. ஆனால் இங்கே 26,553-ஐ 10,908-ஆல் வகுத்தால் 2.43தான் வந்தது. இது மைல் இல்லை.

அப்படியானால் தலைகீழாகப் போக வேண்டும். அச்சிட்ட அடர்த்தியை நம்பி, அது எந்தப் பரப்புக்கு உரியது என்று கேட்க வேண்டும். 46,46,732 வகுத்தல் 26,553 என்றால் 175. பிசிறில்லாமல் 175. அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது.

2011 மார்ச் மாதக் கணக்கெடுப்பின்போது சென்னை என்பது பழைய 155 வார்டு சென்னை. அதன் பரப்பு சுமார் 175 சதுர கிலோமீட்டர். அதே ஆண்டு அக்டோபரில் அம்பத்தூர், திருவொற்றியூர், மாதவரம், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் என்று 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்த்து 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டு ஆக்கினார்கள். அந்த விரிந்த எல்லைக்குள் 2011-ல் இருந்தவர்கள் சுமார் 67 லட்சம் பேர். ஆக, பேத்தியின் தாளில் மக்கள் தொகையும் அடர்த்தியும் மார்ச் மாதச் சென்னைக்கு உரியவை; பரப்பு மட்டும் அக்டோபர் சென்னைக்கு உரியது.

"சரி தாத்தா, அப்ப அடர்த்தியை வெட்டிட்டு 10,908-னு எழுதிடலாம்" என்றாள் அவள். கெட்டிக்காரப் பிள்ளை. வகுத்தல் சரி, மூன்று எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். யார் சோதித்தாலும் தேறிவிடும். ஆனால் அந்தச் சென்னை எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை. அதில் அம்பத்தூரின் மண் இருக்கிறது, அம்பத்தூரின் மக்கள் இல்லை. 67 லட்சத்தை 426-ஆல் வகுத்தால் வருவது சுமார் 15,700. அதுதான் விரிந்த சென்னையின் 2011 அடர்த்தி.

என்னைக் கேட்டால், ஒத்துப்போகாத அந்தப் பழைய தாளே மேல். அதில் முரண் கண்ணுக்குத் தெரிகிறது, கேள்வி கேட்கலாம். அடர்த்தியை மட்டும் திருத்திய தாளில் தவறு ஒளிந்துகொள்கிறது. எண்கள் சண்டை போடுகின்றன என்பதை வகுத்தல் காட்டும். குற்றவாளி யார் என்பதைக் காட்டாது. பலரும் ஈவைத்தான் குற்றவாளியாக்குகிறார்கள். இந்தத் தாளில் கோளாறு பரப்பில் இருந்தது.

சின்ன வித்தியாசங்களுக்காக யாரையும் பிடிக்க வேண்டியதில்லை. 2011 தற்காலிக முடிவில் சென்னைக்கு 46,81,087 பேர், அடர்த்தி 26,903 என்று வந்தது. தலைகீழாக வகுத்தால் 174 கிடைக்கும். இறுதி முடிவில் ஆட்களும் கொஞ்சம் குறைந்தார்கள், பரப்பும் 175 ஆயிற்று. இரண்டும் தத்தம் இடத்தில் சரிதான். ஒரு முடிவின் ஆட்களை இன்னொரு முடிவின் அடர்த்தியோடு சேர்த்தால்தான் இடிக்கும்.

"சார்ட்டுக்குப் போய் இவ்வளவா?" என்று என் மனைவி கேட்டாள். அதே தாளின் கீழே "தலா குடிநீர்" என்று ஒரு வரி இருந்ததைக் காட்டினேன். நாளொன்றுக்கு 90 கோடி லிட்டர் வழங்கப்படுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 46.46 லட்சத்தால் வகுத்தால் ஆளுக்கு 194 லிட்டர். 67 லட்சத்தால் வகுத்தால் 134 லிட்டர். பெருநகருக்கு ஆளுக்கு 150 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேட்டில் நெடுங்காலமாக உள்ள அளவு. முதல் கணக்கில் தாராளம், இரண்டாவதில் தட்டுப்பாடு. தண்ணீர் ஒரு சொட்டும் கூடவோ குறையவோ இல்லை, வகுத்த ஆட்கள்தான் மாறினார்கள். விரிந்த நகருக்குப் போகும் தண்ணீரைப் பழைய நகரின் தலைகளுக்குப் பங்கிட்டால் குடத்தோடு நிற்பவர்கள் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுவார்கள். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இன்றைய தண்ணீரை 2011-ன் ஆட்களால் வகுக்கும் கூத்து வேறு நடக்கிறது. அப்போது 134 என்பதும் கூடுதலாகச் சொன்னதாகவே இருக்கும்.

ஆகவே நகரக் குறிப்பு எழுதுகிறவர்களிடம் என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஆண்டைப் போடுங்கள். அது போதாது, எந்த எல்லை என்பதையும் போடுங்கள். பேத்தியின் தாளில் 2011 என்று ஆண்டு இருக்கத்தான் செய்தது. அந்த ஒரே ஆண்டுக்குள் இரண்டு சென்னை இருந்ததுதான் சிக்கல்.

கடைசியில் சார்ட்டில் இரண்டு பத்தி போட்டோம். மார்ச் 2011: 175, 46,46,732, 26,553. விரிந்த எல்லை: 426, சுமார் 67 லட்சம், சுமார் 15,700. மிஸ் ஏன் இரண்டு என்று கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே போனாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2013-ல் பத்தாம் வகுப்பில் ஒரு பையன் இதே 46 லட்சத்தை 426-ஆல் வகுத்து, "சார், புக்ல போட்டிருக்கிற அடர்த்தி தப்பு" என்று 10,908 எழுதிக் காட்டினான். நான் அவனை எழுந்து நிற்கச் சொல்லி, வகுப்பையே கை தட்ட வைத்து, நோட்டில் பெரிய டிக் போட்டேன். தம்பி, நீ இதைப் படித்தால் கமெண்டில் ஒரு வார்த்தை சொல். கை தட்டல் உனக்கே இருக்கட்டும். டிக்கை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.