மேல்முறையீடு எழுதும் முன் மறுப்பு உத்தரவைப் படியுங்கள்



போன ஞாயிற்றுக்கிழமை ராசிபுரம் பக்கத்திலிருந்து பழைய மாணவர் ஒருவர் வந்தார். ஊர் ஓடை ஆக்கிரமிப்பு பற்றி புகார் கொடுத்து, அது என்ன ஆயிற்று என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறார். மறுத்துவிட்டார்கள். "மேல்முறையீடு எழுதிட்டேனுங்க சார், பாத்துச் சொல்லுங்க" என்று நான்கு பக்கம் நீட்டினார். பத்து வருட வேதனை அத்தனையும் அதில் இருந்தது. மறுப்பு உத்தரவுக்கான பதில் மட்டும் இல்லை.

உத்தரவை வாங்கிப் படித்தேன். ஒரே வரிதான். "விசாரணை நிலுவையில் உள்ளதால் பிரிவு 8(1)(எச்)-இன்படி தகவல் வழங்க இயலாது."

இப்போது சட்டத்தைப் பாருங்கள். விசாரணை நடந்தால் தர வேண்டாம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. தகவலைத் தந்தால் விசாரணைக்குத் தடை ஏற்படும் என்றால்தான் மறுக்கலாம். விசாரணை நிலுவையில் இருப்பது வேறு, தடை ஏற்படுவது வேறு. 2007-இல் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர்நீதிமன்றமும் இதையே சொன்னது: விசாரணை நடக்கிறது என்பது மட்டும் மறுக்கக் காரணமாகாது, எப்படித் தடையாகும் என்பதை அதிகாரி காட்ட வேண்டும். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பும் 19(5)-இன்படி அவருடையதுதான். உத்தரவில் அந்த விளக்கம் ஒரு சொல்கூட இல்லை. இதுதான் நம் முதல் காரணம்.

பிறகு அவர் அனுப்பிய மனுவை உத்தரவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கேட்டது மூன்று: புலப்பட நகல், சர்வேயர் அளந்த அறிக்கை, மனுவின் தற்போதைய நிலை. மூன்றுக்கும் சேர்த்து ஒரே மறுப்பு. புலப்படம் விசாரணைக்கு முன்பே இருக்கும் ஆவணம். அதைத் தருவதால் எந்த விசாரணை கெடும்? ஒரு பகுதியை மறைக்க வேண்டியிருந்தாலும் மீதியைத் தரலாம் என்கிறது பிரிவு 10. இது இரண்டாவது காரணம்.

நான்கு பக்கம் ஒரு பக்கமாகச் சுருங்கியது. மறுப்பு வரியை அப்படியே மேலே எழுதி, கீழே இந்த இரண்டு காரணங்களையும் வைத்தோம். ஆக்கிரமித்தவர் யார், அவருக்கு யார் துணை என்பதையெல்லாம் எடுத்துவிட்டோம். அவருக்கு வருத்தம்தான். ஆனால் மேல்முறையீட்டு அதிகாரி முடிவு செய்யப்போவது ஓடையைப் பற்றி அல்ல, அந்த மறுப்பு சரியா என்பதை மட்டும்தான்.

ஒன்றையும் ஒத்துக்கொள்கிறேன். அறிக்கை வெளியே போனால் இன்ன சாட்சி கலைவார் என்று அதிகாரி காரணம் எழுதியிருந்தால், இந்தக் கடிதம் நிற்காது. அந்தக் காரணத்துக்குத்தான் பதில் எழுத வேண்டியிருக்கும். அதனால் மற்றவர் எழுதியதைப் பார்த்து எழுதாதீர்கள்.

உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 30 நாள்தான் கெடு. இவர் வந்தபோது 12 நாள் போயிருந்தது. தபால் உறையைத் தூக்கி எறியாதீர்கள், கிடைத்த தேதிக்கு அதுவே சாட்சி. திங்கட்கிழமை தபாலில் அனுப்பிவிட்டார்.

பரீட்சையில் நான் சொன்னதுதான்: கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.