பிளேஸ்டேஷன் விற்கும் முன்...

புதுச்சேரியில் பிளேஸ்டேஷன் 4-ஐ விற்றுவிட்டு எக்ஸ்பாக்ஸுக்கு மாறுகிறவர்கள் முதலில் மைன்கிராஃப்டைத் திறந்து பார்க்கட்டும். மாதக்கணக்கில் கட்டிய உலகம் அந்தப் பெட்டிக்குள்ளேதான் கிடக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலும் தானாக வராது! அதே கணக்கில் ஒரு மாத ரெல்ம்ஸ் சந்தா கட்டி, உலகத்தை ஏற்றி, எக்ஸ்பாக்ஸில் இறக்கிக்கொள்ள வேண்டும். சொந்த வீட்டை எடுத்துப்போக வாடகை கேட்பது அநியாயம்தான், ஆனால் பெட்டி கைமாறிய பிறகு அந்த வழியும் இல்லை.

மார்க்கெட்பிளேசில் வாங்கிய ஸ்கின்கள் பெரும்பாலும் கணக்கோடு வந்துவிடும். செலவழிக்காத டோக்கன்கள் வராது, அங்கேயே தீர்த்துவிடலாம். ஆட்டத்தையே மறுபடியும் வாங்கணும். நண்பர்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேர்த்தவர்கள் மட்டும் வருவார்கள். பிஎஸ்என் பட்டியலில் மட்டும் இருப்பவர்களிடம் விற்கும் முன்பே கேமர்டேக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.