அந்தப் பெஞ்சை மட்டும் விட்டுவிடுங்கள்

போன வாரம் ஸ்கூடாய் தம்பி ஒருவர் குறும்படக் கதையை நீட்டி, "அண்ணே, செலவு கட்டுப்படியாகல" என்றார். ஐந்து இடம், ஒன்பது பேர், நான்கு நாள் படப்பிடிப்பு.

மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போய்வரும் அப்பா, வேலை போனதை வீட்டில் மறைக்கிறார். தினமும் டங்கா பே கரையில், எதிரே தெரியும் சிங்கப்பூரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் இடங்களைப் பார்த்தோம். ஓரிடத்தில் விளக்குகளைக் கழற்றி இன்னோரிடத்தில் பொருத்த இரண்டு மணி நேரமாவது போகும். மாமா வீட்டுச் சண்டையை அப்பா வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தோம். வங்கிக் காட்சி தொலைபேசி அழைப்பானது. அதிகாரி வெறும் குரலானார். பார்த்திபனின் 'ஒத்த செருப்பு சைஸ் 7' (2019) படத்தில் அவர் ஒருவரே திரையில் தெரிவார், மற்றவர்கள் குரல்தான்.

கடன் கேட்கும் நண்பரும், சந்தேகப்படும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே ஆளானார்கள். பாலத்து நெரிசலுக்கு எழுதிய இருபது வண்டிகளுக்குப் பதில், விடியற்காலை நான்கரை மணி அலாரமும் ஒரு ஹெல்மெட்டும் போதுமாயின.

"கரையையும் எடுத்துடலாமா?" என்றார். அப்படியே வாசித்துப் பார்த்தோம். பெஞ்சில் பார்த்ததை அம்மாவும் மகளும் பேசியே விளக்க வேண்டியிருந்தது. வசனம் நீண்டால், வெட்டு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

கரை திரும்பி வந்தது. இப்போது இரண்டு இடம், நான்கு பேர், இரண்டே நாள்.