அறிமுகத்தில் எதை விடலாம், எதை விடக்கூடாது?

வேலைக்கு விண்ணப்பிக்கிறேன் என்று வீட்டில் சொன்னால், அப்பாவோ மாமாவோ ஊரில் தாங்கள் எழுதிய பயோடேட்டாவைத்தான் சொல்லித் தருவார்கள். முழுப்பெயர், பிறந்த திகதி, பால், சமயம், திருமணமானவரா, தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம். அவர்களில் பிழை இல்லை. அங்கே அப்படித்தான் கேட்டார்கள். ஆனால் அதே தாளை லண்டனில் கொடுத்தால், உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று வாசிக்கும் முன்பே, நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று வாசித்துவிடுவார்கள்.

விடுவது வேறு, பொய் சொல்வது வேறு என்பது என் கருத்து. ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்விதான்: இதை வாசிப்பவர் எடுக்கப்போகும் முடிவுக்கு இந்தத் தகவல் தேவையா?

ஒரு உதாரணம் பார்ப்போம். லண்டனில் 26 வயதுப் பெண் ஒருவர், கணக்கியல் உதவியாளர், பெரிய நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வயது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், வேலைக்கு எடுக்கும்போது வயது, சமயம், திருமண நிலை போன்றவற்றால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் மனதில் ஓடும் கணக்கைச் சட்டத்தால் நிறுத்த முடியாது. "அண்மையில் திருமணமானவர்" என்று வாசித்தவுடன் சிலர் பிரசவ விடுமுறையை நினைப்பார்கள். ஆகவே இரண்டையும் விடலாம். பலர் பிறந்த திகதியை எடுத்துவிட்டு, ஜிசிஎஸ்இ எழுதிய ஆண்டை அப்படியே விட்டுவிடுவார்கள். அதை வழக்கமாக 16 வயதில் எழுதுவோம் என்பதால், வயது அங்கேயே தெரிந்துவிடும். எடுப்பதென்றால் இரண்டையும் எடுக்கவேண்டும்.

அடுத்தது சம்பளம். இப்போது அவருக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்ட். புதிய வேலைக்கு 30,000 முதல் 33,000 வரை என்று விளம்பரத்தில் இருக்கிறது. பழைய தொகையைச் சொன்னால் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். கலிபோர்னியாவில் 2018 முதலும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023 முதலும், விண்ணப்பிப்பவரிடம் பழைய சம்பளத்தை நிறுவனம் கேட்கக்கூடாது. பிரிட்டனில் அப்படித் தடை இல்லை, கேட்கலாம். ஆனால் "இந்த வேலைக்கு 32,000 எதிர்பார்க்கிறேன்" என்பது முழுமையான பதில். கூட்டி மட்டும் சொல்லாதீர்கள். வேலை மாறும்போது பழைய நிறுவனம் தரும் பி45 தாளில், அந்த வரி ஆண்டில் வாங்கிய சம்பளமும் கட்டிய வரியும் இருக்கும். அது புதிய நிறுவனத்தின் கைக்குப் போகும்.

சிக்கலானது அமைப்புகள் பற்றிய வரி. பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் சங்கத்தில் அவர் பொருளாளர். அதை விடவே கூடாது, கணக்கியல் வேலைக்கு அதைவிட நல்ல சான்று எது? இன்னொரு அரசியல் அமைப்பின் நிகழ்வுகளுக்கும் அவர் கணக்குப் பார்த்தார். அந்த அமைப்பைப் பற்றி எங்கள் ஆட்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பெயரைத் தேடினால் முதலில் சர்ச்சைதான் வரும். விளக்கம் சொல்ல அவர் பக்கத்தில் இருக்கமாட்டார். அதனால் பெயரை விட்டு வேலையை எழுதலாம்: "600 பேர் கலந்துகொண்ட பொது நிகழ்வின் வரவு செலவைப் பார்த்தேன்." நேர்முகத்தில் எந்த நிகழ்வு என்று கேட்டால் உண்மையைச் சொல்லவேண்டும். சொல்லத் தயாரில்லை என்றால் அந்த வரியே வேண்டாம்.

இது கொள்கையை மறைப்பது என்று சிலர் கோபப்படுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால், "இதை ஏற்காத இடத்தில் எனக்கு வேலையே வேண்டாம்" என்று ஒருவர் பெயரோடு எழுதினால், அதுவும் சரியான முடிவுதான். விளைவை யோசித்து எழுதியிருந்தால் போதும்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. அரசாங்கத்தின் சில வேலைகளுக்குப் பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. அந்தப் படிவத்தில் பெற்றோரின் பிறந்த திகதி, பிறந்த இடம் எல்லாம் கேட்பார்கள், தொடர்புகள் பற்றியும் கேட்பார்கள். சிவியில் வெட்டிய அதே வரிகளை அங்கே முழுமையாக நிரப்பவேண்டும். நேரடியாகக் கேட்ட கேள்விக்கு வேண்டுமென்றே விடையை விட்டால், அது விடுவது அல்ல, மறைப்பது. அந்த அமைப்பில் இருந்ததைவிட அதை மறைத்ததே அங்கே பெரிய பிரச்சினையாகலாம்.

ஆகவே வீட்டில் தந்த தாளை எறியவேண்டாம். அதில் உள்ள விவரங்கள் ஒருநாள் தேவைப்படும். சிவியில் மட்டும் அவற்றுக்கு இடமில்லை.