"சிக்ஸ் செவன்" ஒரு வியாதி இல்லீங்க!

1/ தென்காசிப் பக்கம் ஓபியில இப்போ புதுசா ஒரு கம்ப்ளைன்ட். "டாக்டர், பய நாள் பூரா 'சிக்ஸ் செவன்', 'துங் துங் துங் சஹூர்'னு உளறுதான். ஆட்டிசமா? ஸ்கேன் எடுக்கணுமா?" வேண்டாம். ஏன்னு சொல்றேன், முழுசா படிங்க.

2/ "சிக்ஸ் செவன்" அமெரிக்க ராப் பாடகர் ஸ்க்ரில்லாவோட பாட்டுல வந்த எண். ஆறடி ஏழங்குலம் உயரமான கூடைப்பந்து வீரர் லாமெலோ பாலோட வீடியோக்கள்ல அதை ஒட்டினாங்க, பரவிடுச்சு. அதுக்கு அர்த்தம் எதுவும் வைக்கலைன்னு பாடினவரே சொல்லிட்டார். 2025ல டிக்ஷனரி.காம் அதை ஆண்டின் சொல்லா தேர்ந்தெடுத்தது. நீங்க அர்த்தம் தேடினா குழம்பத்தான் செய்வீங்க.

3/ வகுப்புல ஏன் இது ஓயல? டீச்சர் "பக்கம் 67 எடுங்க"ன்னா போதும், நாற்பது பிள்ளைங்களும் கத்தும். டீச்சர் முழிப்பாங்க. அந்த முழிதான் பரிசு. "நமக்குத் தெரியும், பெரியவங்களுக்குத் தெரியாது", இதுதான் அந்த வார்த்தையோட வேலையே. நூறு தடவை இம்போசிஷன் கொடுத்தா பரிசு நூறு மடங்கு.

4/ "துங் துங் சஹூர்" முழு உளறலும் இல்ல. இந்தோனேசியாவுல ரமலான் நோன்புக்கு விடியுமுன்னே எழுப்ப அடிக்கிற கொட்டுச் சத்தம் அது. நம்ம ஊர்லயும் சஹர் நேரத்துல பக்கீர்கள் கொட்டடிச்சு எழுப்பினதைக் கடையநல்லூர்ப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. பேரன் சொல்றது தாத்தாவுக்குப் புரியும்!

5/ நாம என்ன ஒழுங்கு? "கநீ கவா"ன்னு க-பாஷை பேசி வாத்தியாரை ஏமாத்தலையா? குற்றால சீசன்ல மெயின் அருவிக்கு அடியில நின்னு "ஓஓஓய்"னு கத்துறோமே, அதுக்கு என்ன அர்த்தம்? பக்கத்துல நிக்கிறவனும் கத்துறான், அம்புட்டுதான்.

6/ அப்போ எப்ப பயப்படணும்? மூணு கேள்வி கேளுங்க. கூட்டாளிகளோட சேர்ந்து, உங்க முகத்தைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே சொல்றானா? ஹெட்மாஸ்டர் வந்ததும் நிறுத்துறானா? பசி, சண்டை, பரீட்சை எல்லாம் சொந்த வாக்கியத்துல பேசுறானா? மூணுக்கும் "ஆமா"ன்னா அது விளையாட்டு.

7/ ஆனா மூணு வயசுக் குழந்தை ரீல்ஸ் வார்த்தையை மட்டுமே திருப்பிச் சொல்லுது, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பல, பேசின வார்த்தைகளும் மறைஞ்சுடுச்சுன்னா காத்திருக்காதீங்க. உடனே குழந்தை மருத்துவரைப் பாருங்க. பெரிய பிள்ளை நிறுத்த நினைச்சும் நிறுத்த முடியாம ஒரே சத்தத்தைச் சொன்னா, கண்ணு தோளு துடிச்சா, அது டிக்ஸா இருக்கலாம். அதுக்கும் வாங்க. திட்டினா அது கூடத்தான் செய்யும்.

8/ கடைசியா, கோபப்படாம கேளுங்க. 2 முதல் 4 வயசு வரை திரை ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிடுச்சு. சோறு ஊட்ட போனைக் கையில கொடுத்தது யாரு? வார்த்தையைத் திட்டி என்ன பிரயோசனம்? போனை வாங்கி வைங்க. அப்புறம் வீட்டுல நீங்களே நாலு தடவை "சிக்ஸ் செவன்" சொல்லுங்க. அப்பா அம்மா வாயில வந்துட்டா அது பழசு. பய அன்னிக்கே விட்டுருவான்.