சிரிச்சுட்டுப் போங்க சார்!

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் 140 பேர் இருக்கிறோம். காலை வணக்கம், மூட்டுவலிக்கு முடக்கத்தான், பழைய படப் பாட்டு, இடையிடையே ஜோக். சென்ற ஆடியில் ஒரு படம் வந்தது. ஏதோ ஒரு ரயில் நிலையம், முன்பதிவில்லாத பெட்டியிலிருந்து வடநாட்டுத் தொழிலாளர்கள் மொய்த்து இறங்குகிறார்கள். கீழே ஒரே வரி: "எறும்புப் பொடி எங்கே கிடைக்கும்?"

முதலில் சிரிப்புப் பொம்மை போட்டவன் நான்தான். மறைக்க விரும்பவில்லை. கைபேசியைப் பார்த்தேன், சிரித்தேன், கட்டைவிரலால் தட்டினேன், காபி குடிக்கப் போய்விட்டேன்.

பிறகுதான் அதைப் பற்றி யோசிக்க வேண்டி வந்தது. ஏன் வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். இப்போது குழுவில் என்னோடு மல்லுக்கு நிற்கும் நண்பர்கள் சொல்வது இதுதான்: "ஜோக்கு சார், சிரிச்சுட்டுப் போங்க. வயசானா நகைச்சுவை உணர்ச்சி போயிடுமா?"

போகவில்லை ஐயா. 1987-ல் ஆனந்த விகடன் அட்டைப்படத்து ஜோக் ஞாபகம் இருக்கிறதா? மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று மற்றவர் சொல்வார். சட்டசபை கொதித்தது. ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதம் கடுங்காவல் என்று சபாநாயகர் பி.எச்.பாண்டியன் தீர்ப்புச் சொன்னார். ஊரே எதிர்த்ததில் இரண்டொரு நாளில் விட்டுவிட்டார்கள். பிறகு அவர் வழக்குப் போட்டு, அடையாளமாக ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈடு வாங்கினார். அந்த இதழைக் கடையில் மடித்து வைத்து, முத்தாண்டிக்குப்பம் பஸ் வரும்வரை நாங்கள் ஏழெட்டுப் பேர் மாற்றி மாற்றிப் படித்துச் சிரித்தோம். அது காரமான ஜோக். எல்லை தாண்டிய ஜோக் என்றுகூடச் சொல்லலாம், நாட்டில் எல்லா எம்.எல்.ஏ.வும் பிக்பாக்கெட் இல்லையே. ஆனாலும் அதில் குத்துப்பட்டவன் பதவியில் இருந்தவன். பதவி அவன் தேடிப் போய் வாங்கியது, வேண்டாமென்றால் விடலாம். ஜோக் எழுதியவரைப் பிடித்து உள்ளே போடும் அளவுக்கு அவன் கையில் அதிகாரமும் இருந்தது. அதைப் படித்துவிட்டு எந்த எம்.எல்.ஏ. வீட்டுக் கதவையும் யாரும் உடைக்கவில்லை.

இப்போது இன்னொரு பத்திரிகை. இதுவும் சிரிப்புப் பத்திரிகைதான், இதில் குத்துப்பட்டவர்கள் நாம்.

பம்பாயில் ஃப்ரீ பிரஸ் ஜர்னலில் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்த பால் தாக்கரே, வேலையை விட்டுவிட்டு 1960-ல் 'மார்மிக்' என்ற மராத்தி கேலிச்சித்திர வாரப் பத்திரிகை தொடங்கினார். கை சுத்தமான ஓவியர், அதில் சந்தேகமில்லை. அந்தப் பத்திரிகை வளர்ந்தது தென்னிந்தியர்களைக் கிண்டல் செய்து. நம் பேச்சுக்கு அங்கே 'யண்டு குண்டு' என்று பெயர். தகரப் பானையில் கல்லைப் போட்டு உலுக்கிய சத்தம் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளுங்கள். நம் உடைக்கு ஒரு கோஷம்: லுங்கியை விரட்டு, பீப்பியை ஊது என்கிற பொருளில், எதுகையோடு, குழந்தைகள்கூடப் பாடும்படி. எல்லாம் சிரிப்புத்தான்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு பகுதி வந்தது. அதில் ஜோக்கே கிடையாது. பம்பாய்க் கம்பெனிகளிலும் அலுவலகங்களிலும் இருந்த தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல், அவ்வளவுதான். தலைப்பு 'படியுங்கள், சும்மா இருங்கள்' என்ற பொருளில். கொஞ்ச காலத்தில் தலைப்பு மாறி 'படியுங்கள், எழுந்திருங்கள்' என்றானது. 1966 ஜூன் 19-ல் சிவசேனை பிறந்தது. அதன்பின் உடுப்பி ஓட்டல்கள் மேல் கல் விழுந்தது.

என் சித்தப்பா அப்போது மாட்டுங்காவில் குடியிருந்தார், ஸ்டெனோ வேலை. எந்நேரமும் வேட்டியில் இருப்பவர், அந்த நாட்களில் விடியற்காலை பால் வாங்கப் போகக்கூடப் பேண்ட் மாட்டிக்கொண்டு போனாராம். அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆபீசில் பக்கத்து மேஜை மராத்திக்காரர் இவரை தினமும் 'யண்டு குண்டு' என்றுதான் கூப்பிடுவார். இவர் பதிலுக்கு அவருடைய வடா பாவைக் கிண்டல் செய்வார். மத்தியானம் இருவரும் டப்பாவை மாற்றிச் சாப்பிடுவார்கள். கலவரச் செய்தி வந்த அன்று, வீடுவரை கூட வந்து விட்டுப்போனவரும் அந்த 'யண்டு குண்டு'க்காரர்தான்.

சொல் ஒன்றேதான். மார்மிக்கில் இருந்ததும் அதே சொல், மேஜையில் இருந்ததும் அதே சொல். ஆகவே சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நம் தணிக்கைக்காரர்களுக்கு இது புரியவில்லை. பாஸ்கர் சக்தி, வடநாட்டுத் தொழிலாளி ஒருவனை மனுஷனாகக் காட்டி எடுத்த படத்துக்கு 'வடக்கன்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் கூடாது என்றார்கள். 2024-ல் 'ரயில்' என்று வெளிவந்தது. சொல்லைத் துடைத்தால் வெறுப்பும் போய்விடும் என்று நினைப்பு.

அப்படியானால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? மேஜை நண்பர் சித்தப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னார், பதில் வாங்கிக்கொண்டார். மார்மிக், சித்தப்பாவைப் பற்றி வேறொருவரிடம் சொன்னது. எறும்புப் பொடி ஜோக்கும் அப்படித்தான். ரயிலிலிருந்து இறங்கும் அந்தப் பையன் எங்கள் குழுவில் இல்லை, அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அவன் திருப்பிச் சொல்ல வழியே கிடையாது. இது முதல் சந்தேகம் வர வேண்டிய இடம். ஆனால் இது மட்டும் போதாது, இல்லாதவனைப் பற்றிச் சிரிப்பது உலக வழக்கம்தானே.

அடுத்து, சிரிப்பை உரித்துவிட்டுப் பாருங்கள். விகடன் ஜோக்கை உரித்தால் 'அரசியல்வாதிகள் திருடுகிறார்கள்' என்ற குற்றச்சாட்டு மிஞ்சும். செயலைப் பற்றிய பேச்சு, உண்மையா பொய்யா என்று வாதாடலாம். எறும்புப் பொடியை உரித்தால் என்ன மிஞ்சுகிறது? இவர்கள் பூச்சி, பூச்சிக்கு மருந்து போட வேண்டும். அவர்கள் என்ன செய்தார்கள் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. பிறந்து, ரயில் ஏறி வந்ததுதான் குற்றம்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் பாய்ந்தார். "நம்ம பிள்ளைங்களுக்கு வேலை இல்லையே, அது பொய்யா?" பொய்யில்லை. 2022-ல் நெய்வேலிக்குப் பயிற்சிப் பொறியாளர்களாகத் தேர்வான 299 பேரில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை என்று பல கட்சிகள் குரல் எழுப்பியது எல்லோருக்கும் தெரியும். கேட் மதிப்பெண் அடிப்படையில் எடுத்தோம் என்றார்கள். நிலம் கொடுத்த ஊர்க்காரனுக்கு அது என்ன ஆறுதல்? அப்போது டீக்கடையில் ஒருவர் சொன்னார்: "நம்ம ஊர்ல தோண்டினா கரி கிடைக்கும், எவ்வளவு தோண்டினாலும் வேலை கிடைக்காது." எவ்வளவு கசப்பான ஜோக்! நான் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறேன். அது தேர்வு முறையை நோக்கிப் போகிறது. எறும்புப் பொடியோ, அந்த 299-க்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத, தினக்கூலிக்கு செங்கல் தூக்க வந்தவனை நோக்கிப் போகிறது. குறை நிஜம், ஆள் மாறிவிட்டது. பம்பாயிலும் மராத்திப் பையனுக்கு வேலை இல்லை என்ற குறை நிஜம்தான். அதற்கு பேண்ட் போட்டது என் சித்தப்பா.

எனக்கு மிகவும் உதவிய அடையாளம் வேறு. ஜோக் போட்டவரிடம் சண்டை போடாமல், "இதில் எது சிரிப்பு, எனக்குப் புரியலையே" என்று கேளுங்கள். வெறும் குறும்புக்காரர் அசடு வழிவார், அல்லது எதை நினைத்துப் போட்டேன் என்று சொல்வார். மற்றவர் முதலில் "சும்மா ஜோக்கு சார்" என்பார். விடாமல் நின்றால் அடுத்த வரி வரும்: "ஆனா உண்மைதானே?" நான் கேட்டபோது பத்து நிமிஷ இடைவெளியில் இரண்டும் வந்தன. ஜோக் என்றால் உண்மை என்று வாதாட வேண்டியதில்லை. உண்மை என்றால் ஜோக் என்று ஒளிய வேண்டியதில்லை. இரண்டு படகிலும் கால் வைத்து நிற்பவர், கேட்பவனைப் பொறுத்து எந்தப் படகில் வேண்டுமானாலும் தாவிக்கொள்ளலாம். இது தற்செயல் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் நாஜிகளைக் கொண்டாடும் டெய்லி ஸ்டார்மர் என்ற தளம், தன் எழுத்தாளர்களுக்கென்று வைத்திருந்த விதிமுறைக் குறிப்பு 2017-ல் வெளியே கசிந்தது. புதிதாக வருகிறவனுக்கு நாம் விளையாட்டாகச் சொல்கிறோமா, நிஜமாகச் சொல்கிறோமா என்று தெரியக் கூடாது என்பது அதில் ஒரு விதி. எழுதியே வைத்திருந்தார்கள்.

ஒரே ஒரு ஜோக்கை வைத்து ஒருவரை முத்திரை குத்த நான் சொல்ல மாட்டேன். நான் சிரித்தேனே, நான் யார்? வரிசையைப் பார்க்க வேண்டும். எல்லா ஜோக்கும் ஒரே கூட்டத்தின் மேல் விழுகிறதா, ஒரே பூச்சிப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா, ஒருநாள் சிரிப்பு இல்லாமல் பெயரோ முகவரியோ படமோ வருகிறதா. கடைசியில் சொன்னது வந்துவிட்டால் மற்ற ஆராய்ச்சி தேவையில்லை.

எங்கள் குழுவில் அது நான்காம் நாள் வந்தது. எங்கள் தெருக்கோடி ஓட்டு வீட்டுத் திண்ணையில் நான்கு பையன்கள் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருக்கும் படம். வீட்டுக்காரர் பெயரோடு, "நம்ம தெருவிலேயே புற்று வெச்சாச்சு." சிரிப்புப் பொம்மைகள் முப்பதுக்கு மேல். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. வீட்டுக்காரர்தான் "எனக்கு எதுக்குப்பா வம்பு" என்று ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, நிறையப் பேர் பயந்து ரயில் ஏறினார்களே, அப்போது "எவனோ பொய் சொன்னா இவனுங்க எப்படி நம்பினாங்க?" என்று நானே கேட்டிருக்கிறேன். இப்போது தோன்றுகிறது: நம் சிரிப்பை அவர்கள் முன்பே கேட்டிருப்பார்கள்.

அந்த நால்வரில் ஒருவன் எங்கள் வீட்டு அடுப்படிக்கு டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தவன். நூல் பிடித்தாற்போல் வேலை. பண்ருட்டிப் பக்கம் போய்விட்டான். போன் செய்தேன். "வரேன் சார், இப்ப வேணாம் சார்" என்று தமிழிலேயே சொன்னான். சிங்க் பக்கத்து மூலையில் மூன்று டைல்ஸ் இன்னும் பாக்கி. வேறு ஆளைக் கூப்பிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள், நான் பதில் சொல்லவில்லை.